ஒண்ணும் ஆகாது சார்

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஒரு ஜூன் மாதம், ஆசிரியர்களுக்கு ஊக்கப் பயிற்சி என்று சொல்லி வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்தார்கள். அப்போது எங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவர் யானைக் கதையைச் சொன்னார். குட்டியாக இருக்கும்போது சங்கிலியில் கட்டிப்போட்ட யானை, வளர்ந்த பிறகும் அதே சின்னச் சங்கிலியை அறுக்க முயற்சி செய்யாதாம். "உங்கள் சங்கிலி உங்கள் மனதில்தான் இருக்கிறது" என்று முடித்தார். கைதட்டினோம். மதியம் தயிர் சாதம் கொடுத்தார்கள்.

அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நிஜமான அறிவியல் இருக்கிறது. ஆங்கிலத்தில் லேர்ண்ட் ஹெல்ப்லெஸ்னெஸ் என்பார்கள். தமிழில் 'கற்ற இயலாமை' என்று சொல்லலாம். ஆனால் யானைக் கதை அதன் பாதியை மட்டும்தான் சொல்கிறது, அதுவும் முதலாளிக்கு வசதியான பாதி. மீதிப் பாதி தெரிந்தால்தான், பல வருடம் மோசமான இடத்தில் வேலை பார்த்த ஒருவர் ஏன் "எது செய்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று உட்கார்ந்துவிடுகிறார் என்பது புரியும்.

மூன்று நாய்கள்

1967-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு சோதனையை யாரும் சுலபமாக அனுமதிக்க மாட்டார்கள். படிக்கவே சங்கடமாகத்தான் இருக்கும்.

நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள், குழுவுக்கு எட்டு. முதல் குழு நாயை ஒரு துணித் தொட்டிலில் கட்டி நிறுத்தி, பின்னங்காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் பலகை இருக்கும். தலையால் பலகையைத் தள்ளினால் அதிர்ச்சி நின்றுவிடும். நாய் சீக்கிரமே இதைக் கற்றுக்கொண்டது.

இரண்டாவது குழுவுக்கும் அதே தொட்டில், அதே பலகை, அதே அளவு அதிர்ச்சி. ஒரே ஒரு வித்தியாசம்: இந்த நாய் பலகையைத் தள்ளினால் ஒன்றும் நடக்காது. முதல் குழு நாய்களுக்கு அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்ததோ, அதே நேரம் இதற்கும் நீடிக்கும். பிறகு தானாக நிற்கும். மொத்தம் 64 தடவை. மூன்றாவது குழு நாய்க்குத் தொட்டிலும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை.

ஒரு நாள் கழித்து எல்லா நாய்களையும் வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு தடுப்பு. விளக்கு வெளிச்சம் மாறியதும் சில விநாடிகளில் இந்தப் பக்கத் தரையில் மின்னதிர்ச்சி வரும். தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம். முதல் குழுவும் மூன்றாவது குழுவும் குதித்துத் தப்பித்தன. இரண்டாவது குழுவில் எட்டில் ஆறு நாய்கள் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டுப் படுத்துக்கொண்டன. முனகிக்கொண்டே அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். முதல் குழுவும் இரண்டாவது குழுவும் பட்ட வலியின் அளவு ஒன்று. ஒன்றுக்கு ஒரு கேடும் வரவில்லை, இன்னொன்று படுத்துவிட்டது. ஆக, வலி அதிகம் என்பதால் அது உடையவில்லை. தான் செய்வதற்கும் தனக்கு நடப்பதற்கும் நடுவில் இருக்க வேண்டிய கயிறு அறுந்திருந்தது. இரண்டாவது குழு நாய் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்: நான் தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் ஒன்றுதான்.

யானைக் கதையில் இந்த ஒப்பீடு கிடையாது. அதனால்தான் அதைக் கேட்பவருக்கு யானையின் மேல் ஒரு இளக்காரம் வருகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தொட்டிலுக்குள் இருந்த வரை அந்த நாய் நினைத்தது சரி. அங்கே பலகை நிஜமாகவே வேலை செய்யவில்லை. முதல் இடத்தில் உண்மையாக இருந்த பாடத்தைக் கதவு திறந்திருக்கும் இரண்டாவது இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனதில்தான் கோளாறு. கற்ற இயலாமை என்று நாம் சொல்லும் நோய் இரண்டாவது பெட்டியில்தான் வெளியே தெரிகிறது.

மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1974-இல் டொனால்ட் ஹிரோட்டோ கல்லூரி மாணவர்களுக்குக் காதைத் துளைக்கும் சத்தம் ஒன்றைக் கொடுத்தார். ஒரு குழு பொத்தானை அழுத்தி நிறுத்தலாம், இன்னொரு குழுவுக்குப் பொத்தான் வேலை செய்யாது. பிறகு வேறொரு கருவியைக் கொடுத்தார். அதில் கையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாலே சத்தம் நின்றுவிடும். பொத்தான் வேலை செய்யாத குழுவில் பலர் கையை நகர்த்தாமல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

அலுவலகத்தில் அந்தக் கயிறு எப்படி அறுகிறது

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் கதையை வைத்தே சொல்கிறேன். முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் துறை. எம்.இ. முடித்த கையோடு 2009-இல் எங்கள் கல்லூரிக்கு வந்தார். சேரும் அன்றைக்கே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை எல்லா ஒரிஜினலையும் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇயே சொல்லியிருக்கிறது. ஆனால் பல கல்லூரிகளில் அதுதான் நடைமுறை.

முதல் இரண்டு வருடம் அவரைப் பார்த்தால் எங்களுக்குப் பொறாமையாக இருக்கும். தெர்மல் லேபில் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் கருவி பழுதாகிக் கிடந்தது. மூன்று கொட்டேஷன் வாங்கி, இணைத்து, கடிதம் எழுதினார். பதில் இல்லை. அடுத்த செமஸ்டர் மறுபடி எழுதினார். பதில் இல்லை. மூன்றாவது தடவை பிரின்சிபாலை நேரில் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார். ஒரு வருடம் கழித்து, யாருமே கேட்காத ஒரு கருவி வேறொரு லேபுக்கு வந்து இறங்கியது. ஆய்வுக் குழு வருகிறது, பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக வாங்கினார்களாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "முடியாது, பணம் இல்லை" என்று சொல்லியிருந்தால் அவர் உடைந்திருக்க மாட்டார். அது கோபத்தைத்தான் தந்திருக்கும். மறுப்பும் ஒரு பதில்தான்; நாம் தள்ளினோம், ஏதோ நகர்ந்தது. கேட்டவருக்குப் பதிலே இல்லை, கேட்காத இடத்துக்குப் பொருள் வருகிறது என்னும்போதுதான் கயிறு அறுகிறது.

பிறகு சம்பளம். 2010-களின் நடுவில் தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை சரியத் தொடங்கியது. எங்கள் கல்லூரியில் சம்பளம் முதலில் பத்து நாள் தள்ளிப்போனது, அப்புறம் ஒரு மாதம், அப்புறம் இரண்டு மாதம். எப்போது வரும்? அரசாங்கத்திலிருந்து மாணவர்களின் கல்வி உதவித்தொகை வந்து சேர்ந்தால் வரும் என்பார்கள். நாம் நன்றாகப் பாடம் எடுத்தாலும் சரி, லீவ் போட்டாலும் சரி, சென்னையில் எங்கோ ஒரு கோப்பு நகரும் நாளில் எல்லோருக்கும் சம்பளம் விழும். இரண்டாவது குழு நாய்க்கு அதிர்ச்சி நின்ற மாதிரியேதான். நின்றது உண்மை. ஆனால் பலகையைத் தள்ளியது வேறு யாரோ.

கோடை விடுமுறையில் அட்மிஷன் டார்கெட் வேறு. ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும். பிளஸ் டூ மாணவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். ஒரு வருடம் முருகேசன் சொந்தப் பெட்ரோலில் சுற்றி ஐந்து பேரையும் சேர்த்தார். ஒருவரைக்கூடச் சேர்க்காத இன்னொருவரும் அவரும் அந்த ஜூன் மாதம் வாங்கியது ஒரே பாதிச் சம்பளம். அதற்கடுத்த வருடம் முருகேசன் ஒருவரையும் சேர்க்கவில்லை. அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. திட்டுகூட விழவில்லை. அதுதான் தன்னை முடித்தது என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்.

திட்டு விழாததும் ஒருவரை முடிக்குமா என்று நீங்கள் கேட்கலாம். முடிக்கும். தண்டனை மட்டுமல்ல, நம் செயலோடு ஒட்டாத நல்லதும் அதே பாடத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறது. உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் தலைக்கு ஐந்நூறு ரூபாய் இன்கிரிமென்ட் போட்ட வருடம் ஒன்று உண்டு. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் ஒரு முகத்திலும் சந்தோஷத்தைப் பார்க்கவில்லை.

வெளியே எப்படித் தெரியும்

வெளியிலிருந்து பார்த்தால் இது சோம்பேறித்தனம் போல இருக்கும். பயம் போலவும் இருக்கும். மூன்றையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி, அந்த ஆளிடமே ஒரு கேள்வி கேட்பது: "நீங்க போய்க் கேட்டா என்ன ஆகும்?"

பயந்தவரிடம் குறிப்பான பதில் இருக்கும். "மெமோ கொடுப்பாங்க." "அடுத்த செமஸ்டர் நாலு பேப்பர் தலையில கட்டுவாங்க." அவர் மனதில் கயிறு அறுபடவில்லை. தான் செய்தால் ஏதோ நடக்கும், அது கெட்டதாக நடக்கும் என்று நம்புகிறார். சோம்பேறிக்கு இந்தக் கேள்வியில் அக்கறையே இருக்காது. ஆனால் தனக்கு வேண்டிய விஷயம் என்றால் எழுந்து ஓடுவார். கற்ற இயலாமையில் இருப்பவர் சொல்வது ஒன்றே ஒன்று: "ஒண்ணும் ஆகாது சார்." தனக்கு மிகவும் வேண்டிய விஷயத்திலும் அதையேதான் சொல்வார்.

இரண்டாவது கேள்வி: "கடைசியா எப்போ கேட்டீங்க?" முருகேசனிடம் இதைக் கேட்டபோது அவரால் வருடம் சொல்ல முடியவில்லை. நான்கைந்து வருடம் இருக்கும். அதற்குள் இரண்டு பிரின்சிபால்கள் மாறியிருந்தார்கள். பழைய சோதனையின் விடையை வைத்துக்கொண்டு, புதிய ஆளிடம் சோதித்துப் பார்க்காமலே இருந்திருக்கிறார்.

மூன்றாவது அடையாளம்தான் எனக்கு மிகவும் ஆச்சரியமானது. எதிர்ச் சான்று கண்ணெதிரே நடந்தாலும் மனதில் ஏறாது. எங்களிடமிருந்து வேலையை விட்டுப்போன நான்கு பேர் ஒரிஜினல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கியிருந்தார்கள். அதில் ஒருவர் செய்தது, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியது மட்டும்தான். மூன்று வாரத்தில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். இது முருகேசனுக்குத் தெரியும். கடிதம் அனுப்பியவர் முருகேசனுக்குப் பக்கத்து மேஜைக்காரர். ஆனாலும், "அவர் வேற சார், அவருக்கு மேல ஆள் இருக்கு" என்றார். மேலே ஆள் யாரும் இல்லை.

செலிக்மனின் நாய்களிலும் இதைப் பார்த்தார்கள். படுத்துக்கிடந்த நாய் எப்போதாவது தற்செயலாகத் தடுப்பைத் தாண்டிவிடும். அதிர்ச்சி நிற்கும். சாதாரண நாயாக இருந்தால் அந்த ஒரு தடவையே போதும். இந்த நாய் அடுத்த முறை மறுபடியும் படுத்துக்கொள்ளும். தாண்டியதற்கும் நின்றதற்கும் முடிச்சுப் போடும் திறமை மழுங்கிவிட்டது. அதனால்தான் இப்படிப்பட்டவரிடம் "பாரு, அன்னைக்கு உன்னால முடிஞ்சுதே" என்று எடுத்துச் சொல்வது பெரும்பாலும் வீண்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. எட்டில் இரண்டு நாய்கள் படுக்கவில்லை. மனிதர்களில் யார் படுக்கிறார், யார் படுப்பதில்லை என்பதை விளக்க 1978-இல் லின் ஏப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கையாலாகாத ஒரு நிலை வந்ததும், அதற்கு நாம் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் காரணம் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்கச் சொன்னார்கள். "இந்த நிர்வாகம் இப்படி" என்பவருக்கு அது அந்தக் கல்லூரி வாசலோடு முடிகிறது. "எங்க போனாலும் இதே கதைதான்" என்பவர் அதை எல்லா இடத்துக்கும் பரப்பிவிட்டார். "எப்பவும் இப்படித்தான்" என்பவர் எல்லாக் காலத்துக்கும். "நமக்கு அவ்வளவுதான் ராசி" என்பவர் தன் மேலேயே ஏற்றிக்கொண்டார். நம் ஊர் ஸ்டாஃப் ரூம்களில் இந்த மூன்று வாக்கியமும் டீ கிளாஸோடு சேர்ந்தே சுற்றும். ஆறுதலுக்காகத்தான் சொல்கிறோம். கேட்டுக் கேட்டு அது ஒரு கொள்கையாகிவிடுகிறது.

பூட்டிய அலமாரி

சான்றிதழ் விஷயத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். 1970-களின் தொடக்கத்தில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் இரைச்சலைப் பற்றி ஆராய்ந்தார்கள். எப்போது வரும் என்று தெரியாத பெரிய சத்தத்துக்கு நடுவே ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள். ஒரு குழுவிடம் மட்டும், "இந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் நிற்கும், ஆனால் முடிந்தவரை அழுத்தாதீர்கள்" என்றார்கள். அவர்கள் அழுத்தவில்லை. முழுச் சத்தத்தையும் கேட்டார்கள். ஆனாலும் சத்தம் முடிந்த பிறகு கொடுத்த வேலைகளில் பொத்தான் இல்லாதவர்களைவிட அவர்கள் பிழை குறைவாகச் செய்தார்கள், கடினமான புதிர்களை அதிக நேரம் விடாமல் முயன்றார்கள்.

பயன்படுத்தாத பொத்தானே ஒருவரைக் காப்பாற்றுகிறது. ஒரிஜினல் சான்றிதழ் வீட்டு பீரோவில் இருந்தால், முருகேசன் அதே கல்லூரியில் அதே பாதிச் சம்பளத்துக்கு இருந்திருக்கக்கூடும். ஆனால் ஒவ்வொரு மாதமும் "நான்தான் இருக்கிறேன்" என்று இருந்திருப்பார். சான்றிதழைப் பூட்டி வைக்கும் நிர்வாகம், ஆள் ஓடிவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறது. உடம்பு ஓடாது, சரி. மனம் அதற்கு முன்பே வேலையை விட்டுப் போய்விடும்.

ஐம்பது வருடம் கழித்து ஒரு திருத்தம்

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு திருப்பம் உண்டு. ஸ்டீவன் மேயர் பிறகு மூளை ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். பல வருடம் எலிகளை வைத்து, படுத்துக்கொள்ளும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தேடினார். 2016-இல் அவரும் செலிக்மனும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தாங்கள் 1967-இல் சொன்ன விளக்கம் தலைகீழாக இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் சொன்னது இது. நீண்ட நேரம் துன்பம் வந்தால் சோர்ந்து அடங்குவது கற்றுக்கொண்ட விஷயமே இல்லை. அது உடம்பின் இயல்பான பதில். மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புத் தொகுதி, டார்சல் ராஃபே என்று பெயர், நீடித்த துன்பத்தில் தூண்டப்பட்டு செரோட்டோனினைச் சுரந்து உடம்பை அடக்கிவிடுகிறது. "நான் செய்வதால் இது நிற்கிறது" என்று கண்டுபிடிப்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது. அதைக் கண்டுபிடிக்கும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி அந்தத் தொகுதிக்கு "சும்மா இரு" என்று கட்டளை அனுப்புகிறது. ஆகவே படுத்த நாய் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு படுக்கவில்லை; கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

நமக்கு இதனால் என்ன? நிறைய. பழைய விளக்கத்தின்படி, ஒருவர் மனதில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, பேசி அதை அழித்தால் போதும். ஊக்கப் பேச்சாளர்களுக்கு வேலை கிடைப்பது இதனால்தான். புதிய விளக்கத்தின்படி அழிக்க வேண்டியது எதுவும் இல்லை. "செய்தேன், நடந்தது" என்ற அனுபவத்தைத் திரும்பத் திரும்பத் தர வேண்டும், அவ்வளவுதான். முன்னாலேயே அந்த அனுபவம் பெற்ற நாய்களைப் பிறகு தப்பிக்க முடியாத அதிர்ச்சிக்கு உள்ளாக்கியபோது அவை படுக்கவில்லை என்பதும் இதோடு பொருந்துகிறது. எங்கள் துறையில் கடைசிவரை நிமிர்ந்தே இருந்த ஒரு மேடம், இங்கே வருவதற்கு முன் ஒரு நல்ல தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தடுப்பைத் தாண்டி இழுத்தது

2019-இல் முருகேசனின் மச்சான் அவரைக் கேட்காமலே ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, கோவையில் வால்வு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். வேலை கிடைத்தது. சான்றிதழுக்கும் மச்சானே கடிதம் எழுதினார், முருகேசன் கையெழுத்து மட்டும் போட்டார். ஒரு மாதத்தில் ஒரிஜினல் கைக்கு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இரண்டாவது பெட்டிக் கதை அங்கேதான் தொடங்கியது. சேர்ந்த முதல் வாரம் அவருடைய மேலாளர், ஒரு பெண்மணி, "வகுப்புக்கு என்னென்ன வேணும் சார்?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கறத வச்சுப் பாத்துக்கறேன் மேடம்" என்றாராம். பயிற்சி அறை புரொஜெக்டரில் நடுவில் ஒரு மஞ்சள் கறை. படங்கள் எல்லாம் காமாலை வந்த மாதிரி தெரியும். எட்டு மாதம் அதிலேயே பாடம் நடத்தினார். பயிற்சிக்கு வந்த ஒரு பொண்ணு இரண்டு வரி மெயில் போட்டது. இரண்டு நாளில் புது புரொஜெக்டர் மாட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்கு போன் செய்தார். சந்தோஷம் இல்லை குரலில். "எட்டு மாசம் சார்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அந்த மேலாளர் மனோதத்துவம் படித்தவர் இல்லை. ஆனால் சரியான ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏதாவது ஒரு கோரிக்கையை எழுத்தில் தர வேண்டும் என்று முருகேசனுக்குக் கட்டாயமாக்கினார். திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் தருவார்: சரி, அல்லது முடியாது, முடியாது என்றால் ஒரு வரியில் காரணம்.

முதல் வாரம் முருகேசன் ஒயிட்போர்டு மார்க்கர் கேட்டார். வந்தது. இரண்டாவது வாரம் எழுதாமல் விட்டார். மேலாளர் அவர் மேஜைக்கே வந்து நின்று எழுத வைத்தார். ஐந்தாவது வாரம் பழைய வால்வு ஒன்றைக் குறுக்காக வெட்டி, உள்பாகம் தெரியும்படி ஒரு மாதிரி செய்து தரும்படி முருகேசன் கேட்டார். "பட்டறையில் இப்போது ஆள் இல்லை, அடுத்த மாதம்" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் நிஜமாகவே வந்தது. அந்த மாதிரியைவிட, சொன்ன மாதத்தில் வந்ததுதான் தன்னை உலுக்கியது என்றார். ஏழெட்டு வாரம் வரை, வருவதெல்லாம் மேடத்தின் நல்ல குணத்தால் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட இருபதாவது வாரத்தில்தான், யாரும் நினைவுபடுத்தாமல் புதன்கிழமையே ஒரு கோரிக்கையை எழுதினாராம்.

நாய்களைக் குணப்படுத்தியதும் இப்படித்தான். தடுப்பைத் தாழ்த்திப் பார்த்தார்கள், அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், சாப்பாட்டைக் காட்டினார்கள். எதற்கும் எழவில்லை. 1968-இல் வெளியான சோதனையில், கழுத்தில் கயிறு கட்டி வலுக்கட்டாயமாகத் தடுப்பைத் தாண்டி இழுத்தார்கள். ஒன்றிரண்டு தடவை போதவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தார்கள். போகப்போக இழுக்க வேண்டிய பலம் குறைந்தது, பிறகு நாய் தானாகவே தாண்டியது.

இழுக்க ஆள் இல்லாதவர் தானே செய்துகொள்ளக்கூடிய ஒரு வடிவம் உண்டு. மனநல சிகிச்சையிலும் இதைப் போன்ற ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். ஒரு நோட்டில், ஒரு காரியத்தைச் செய்யும் முன் "இதற்கு இப்படித்தான் நடக்கும்" என்று எழுத வேண்டும். செய்த பிறகு நடந்ததை அதன் கீழே எழுத வேண்டும். முன்கூட்டியே எழுதுவதுதான் இதில் முக்கியம். இல்லாவிட்டால் நடந்த பிறகு "அது வேற" என்று மனம் ஒதுக்கிவிடும், பக்கத்து மேஜைக்காரரின் சான்றிதழை ஒதுக்கிய மாதிரி. காரியம் சின்னதாகவும், பதில் சீக்கிரம் தெரிவதாகவும் இருக்க வேண்டும். முதல் வாரமே சம்பள உயர்வு கேட்டால் இல்லை என்றுதான் வரும், பழைய பாடம் இன்னும் ஊறிப்போகும். முதலில் வேலைக்கு வெளியே தொடங்குவதுகூட நல்லது. தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுப்பது, மளிகைக் கடையில் தவறான பில்லைத் திருத்தச் சொல்வது போன்றவை.

ஆனால் இதை எங்கே செய்வது என்பதில் கவனம் வேண்டும். இன்னும் தொட்டிலிலேயே கட்டுண்டு இருப்பவரிடம் "பலகையை இன்னும் நன்றாகத் தள்ளு" என்று சொல்வது கொடுமை. எங்கள் பேச்சாளர் செய்தது அதுதான். ஐந்தாறு சின்னக் கோரிக்கைகளை எழுத்தில், தேதியோடு கொடுத்துப் பார்த்தும் ஒரு மறுப்புகூட வரவில்லை என்றால், கோளாறு உங்கள் மனதில் இல்லை. அங்கே பலகைக்கும் மின்சாரத்துக்கும் இணைப்பே கொடுக்கவில்லை. மிச்சம் இருக்கும் தெம்பை அங்கே செலவழிக்காமல், வெளியே போகும் வேலைக்கு வைத்துக்கொள்வதுதான் கணக்கு.

இன்னொரு எல்லையும் உண்டு. வேலை இடத்தில் மட்டும் சோர்ந்து, வீட்டில் குழந்தையோடு சிரிக்க முடிகிறது என்றால் நான் மேலே சொன்னது பொருந்தும். தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நோட்டு எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

முருகேசனுக்குப் பழைய கல்லூரி தர வேண்டிய இரண்டு மாதச் சம்பளம் இன்னும் பாக்கி இருக்கிறது. விட்டு வந்தபோது அதைப் பற்றிப் பேசவே மாட்டார். போன மாதம் அவரே கூப்பிட்டு, கடிதம் எழுதியிருக்கிறேன், ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்றார்.

"வரும்னு நினைக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலை சார்."

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவரிடமிருந்து "வராது" என்றுதான் பதில் வரும். கடிதத்தில் தேதி போட மறந்திருந்தார். அதை மட்டும் சொன்னேன்.